ஒட்டிய முகம் மட்டும் மஞ்சளாக, இருட்டாகத் தெரிந்தால்: ஃபோட்டோபீயில் நிறம் சேர்ப்பது

கேள்வி: "தங்கச்சி கல்யாண போட்டோவில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், பெரியம்மா மட்டும் கண்ணை மூடிவிட்டார். அதே மேடையில் எடுத்த இன்னொரு போட்டோவிலிருந்து அவர் முகத்தை வெட்டி ஃபோட்டோபீயில் ஒட்டினேன். முகம் மட்டும் மஞ்சளாக, கொஞ்சம் இருட்டாக, ஸ்டிக்கர் மாதிரி தெரிகிறது. Hue/Saturation போட்டால் மொத்தப் படமும் மாறுகிறது. நான் புதுசு. எந்த வரிசையில் என்ன செய்யணும்?"

மொத்தப் படமும் மாறுவது சின்ன விஷயம், ஒரே சொடுக்கில் சரியாகிவிடும். ஆனால் அதைச் சரிசெய்த பிறகும் Hue/Saturation உங்களைக் காப்பாற்றாது. அது இந்த வேலைக்கான கருவி இல்லை என்பதுதான் பெரிய விஷயம். சென்னையில் கல்யாண ஆல்பம் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். கண் மூடிய முகத்தை மாற்றுவது எங்களுக்கு அநேகமாக ஒவ்வொரு ஆல்பத்திலும் வருகிற வேலை. அதில் நான் கடைப்பிடிக்கும் வழியை, காசு கொடுக்காமல் பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபீயில் செய்யக்கூடிய விதத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சின்ன விஷயத்தை முடித்துவிடலாம். Layer மெனுவில் New Adjustment Layer வழியாக எதைப் போட்டாலும், அது தனக்குக் கீழே இருக்கும் எல்லா லேயர்களையும் மாற்றும். அதன் இயல்பே அதுதான். பெரியம்மாவின் முகம் இருக்கும் லேயருக்கு மட்டும் அது வேலை செய்ய வேண்டுமென்றால், அதை அந்த லேயரோடு 'கிளிப்' செய்ய வேண்டும். அட்ஜஸ்ட்மென்ட் லேயர் முக லேயருக்கு நேர் மேலே இருக்கட்டும். அதைத் தேர்ந்தெடுத்து Layer மெனுவில் Clipping Mask கொடுங்கள். அல்லது லேயர் பட்டியலில் இரண்டு லேயருக்கும் நடுவே உள்ள கோட்டில் Alt அழுத்திக்கொண்டு சொடுக்குங்கள். கிளிப் ஆகிவிட்டால் அந்த லேயரின் பக்கத்தில் கீழ்நோக்கிய ஒரு சின்ன அம்புக்குறி தெரியும். அம்பு இல்லை என்றால் கிளிப் ஆகவில்லை, மாப்பிள்ளையின் சட்டையும் சேர்ந்து மாறும். ஒன்றுக்கு மேல் எத்தனை அட்ஜஸ்ட்மென்ட் லேயர் வேண்டுமானாலும் ஒரே முக லேயர் மீது இப்படி அடுக்கலாம். ஒவ்வொன்றிலும் அம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். நடுவில் கிளிப் ஆகாத ஒரு லேயர் புகுந்துவிட்டால் அதற்கு மேலே இருப்பவை முக லேயரோடு தொடர்பை இழந்துவிடும். திடீரென்று முகத்தின் நிறம் பழையபடி ஆனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

Image மெனுவில் Adjustments என்று ஒன்று இருக்கிறது. அதிலும் இதே Levels, Hue/Saturation எல்லாம் இருப்பதால் பலரும் அங்கே போய்விடுகிறார்கள். அது லேயரின் பிக்சல்களையே மாற்றிவிடும், நாளைக்குத் திறந்து எண்ணைத் திருத்த முடியாது. முகம் மாற்றும் வேலையில் ஒரே முறையில் எண் சரியாக அமைவதே இல்லை. நாலைந்து முறை திரும்பத் திரும்பத் தொட வேண்டியிருக்கும். அதனால் இந்த வேலைக்கு அட்ஜஸ்ட்மென்ட் லேயர்தான்.

இனி பெரிய விஷயம். ஏன் முகம் மஞ்சள்? ஒரு மண்டப மேடையில் ஒரே நிமிடத்தில் எடுத்த இரண்டு படங்களுக்குள்ளேயே வெளிச்சம் மாறும். ஒரு படத்தில் போட்டோக்காரரின் ஃப்ளாஷ் எரிந்திருக்கும். அதன் வெளிச்சம் பகல் வெளிச்சத்துக்குப் பக்கம், ஏறத்தாழ 5500 கெல்வின். அடுத்த படத்தில் ஃப்ளாஷ் சார்ஜ் ஏறாமல் எரியாது. அப்போது முகத்தில் விழுவது வீடியோக்காரரின் ஹாலஜன் விளக்கு மட்டும், ஏறத்தாழ 3200 கெல்வின். ஹாலஜனில் நீலம் குறைவு, சிவப்பு அதிகம். அதனால்தான் அந்த முகம் மஞ்சளாகவும், ஃப்ளாஷ் இல்லாததால் இருட்டாகவும் பதிவாகிறது. மண்டபத்தில் மட்டமான எல்இடி விளக்கோ பழைய டியூப் லைட்டோ இருந்தால் மஞ்சளுக்குப் பதில் பச்சை ஏறியிருக்கும். எதுவானாலும் நடந்தது ஒன்றுதான்: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வெவ்வேறு அளவில் கூடியோ குறைந்தோ போயிருக்கின்றன. அந்த மூன்றையும் தனித்தனியாகத் தொடும் கருவியால்தான் இதைத் திருப்ப முடியும். Hue பட்டியை நகர்த்தினால் தோல், உதடு, குங்குமம் எல்லாமே நிறச் சக்கரத்தில் ஒரே அளவு சுழலும். மஞ்சள் போன மாதிரி தெரிகிற நேரத்தில் குங்குமம் ரோஜா நிறத்துக்குப் போயிருக்கும்.

நிறத்துக்குப் போகும் முன் ஒட்டும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஏற்கெனவே பாதி செய்திருப்பீர்கள். இரண்டு படங்களும் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்தவை என்றால் அதோடு போராடாதீர்கள். போட்டோக்காரரிடம் ஒரிஜினலைக் கேட்டு வாங்குங்கள், அல்லது டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கண் திறந்த படத்தில் முகத்தைச் சுற்றி Lasso-வால் கொஞ்சம் தாராளமாக வளைத்து, காப்பி செய்து, நல்ல படத்தில் ஒட்டுங்கள். முக லேயரின் Opacity-ஐ 50 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு Edit மெனுவில் Free Transform எடுங்கள். பிரவுசரில் Ctrl+T புது டேபைத் திறந்துவிடும் என்பதால் ஃபோட்டோபீயில் அதற்கு Alt+Ctrl+T. இரண்டு கண்ணின் ஓரங்களும் வாயின் ஓரங்களும் கீழே உள்ள முகத்தோடு பொருந்தும்படி வையுங்கள். Opacity-ஐ மறுபடி 100 ஆக்கி, முக லேயருக்கு ஒரு மாஸ்க், அதாவது கறுப்பு தீட்டிய இடத்தை மறைத்து வெள்ளை இடத்தைக் காட்டும் திரை, சேர்த்து, ஓரம் மிருதுவான கறுப்பு பிரஷ்ஷால் வேண்டாத ஓரத்தை மறையுங்கள். வெட்டு முடியும் இடம் கன்னத்தின் நடுவில் இருக்கக் கூடாது. தலைமுடி தொடங்கும் இடம், தாடைக் கோடு, கண்ணாடி பிரேம் என்று இயல்பாகவே ஒரு கோடு இருக்கும் இடத்தில் முடியட்டும்.

ஓரத்தை இப்போதே கச்சிதமாகத் தீட்ட வேண்டாம். நிறம் சேராதபோது எந்த ஓரமும் தப்பாகத்தான் தெரியும். நிறம் சேர்ந்த பிறகு பார்த்தால் பாதி ஓரம் தொடவே தேவையிருக்காது.

உங்கள் நிலைமையில் ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருக்கிறது, அதைப் பெரும்பாலானோர் பயன்படுத்துவதில்லை. ஒட்டிய முகத்துக்குக் கீழே, கண் மூடிய பெரியம்மாவின் முகம் அப்படியே இருக்கிறது. அதே ஆள், அதே தோல், எந்த வெளிச்சத்தில் இருக்க வேண்டுமோ அதே வெளிச்சம். புது முகம் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. அதை அழிக்காதீர்கள், அதன் மேல் எதையும் பூசாதீர்கள். பக்கத்தில் நிற்கும் சித்தியின் முகத்தோடு ஒப்பிட்டு நிறம் சேர்க்கப் போனால் இரண்டு பேரின் தோல் நிற வித்தியாசமும் கணக்கில் கலந்துவிடும்.

அளப்பது இப்படி. Eyedropper எடுத்து, லேயர் பட்டியலில் முக லேயரின் பக்கத்தில் உள்ள கண் குறியை அணைத்துவிட்டு, கீழே உள்ள முகத்தின் நெற்றியில் ஒரு இடத்தைச் சொடுக்குங்கள். முன்னணி நிறத்தின் கட்டத்தைத் திறந்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் எண் தெரியும், எழுதி வையுங்கள். பிறகு முக லேயரை எரியவிட்டு, புது முகத்தில் அதே இடத்தைச் சொடுக்கி அதையும் எழுதுங்கள். இடத்தைத் தேர்வு செய்வதில் கவனம் வேண்டும். விபூதி, குங்குமம், வியர்வை மினுமினுப்பு எதுவும் இல்லாத, புருவத்துக்குச் சற்று மேலான இடம் நல்லது. ஒரே ஒரு பிக்சலை நம்பக் கூடாது. பக்கத்துப் பக்கத்தில் மூன்று நான்கு இடம் சொடுக்கிப் பார்த்து, நடுவாக வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் படம் என் முன்னால் இல்லை. அதனால் இந்த மாதிரி படங்களில் வழக்கமாக வரக்கூடிய எண்களை வைத்தே கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கீழே உள்ள நெற்றி: சிவப்பு 198, பச்சை 150, நீலம் 122. ஒட்டிய நெற்றி: சிவப்பு 176, பச்சை 124, நீலம் 70. மூன்றுமே குறைவு, அதனால் இருட்டு. நீலம் மட்டும் மிக அதிகமாக, 52 குறைவு, அதனால் மஞ்சள். உங்கள் கண் 'மஞ்சள், இருட்டு' என்று சொன்னதைத்தான் இந்த எண்களும் சொல்கின்றன. எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் வெளிச்சத்தைச் சேர்க்க வேண்டும், நிறம் அப்புறம். காரணம், வெளிச்சத்தை மாற்றினால் மூன்று நிறத்தின் எண்ணும் சேர்ந்து நகரும். நிறத்தை முதலில் சரிசெய்துவிட்டு வெளிச்சத்தைத் தொட்டால் சரிசெய்த நிறம் மறுபடி கலையும். முக லேயரைத் தேர்ந்தெடுத்து New Adjustment Layer வழியாக Levels போடுங்கள், கிளிப் செய்யுங்கள். அதன் பெயரை 'வெளிச்சம்' என்று மாற்றிவிடுங்கள், பிறகு தேட வேண்டியிருக்காது. Levels-இல் வரைபடத்துக்குக் கீழே மூன்று கைப்பிடிகள் இருக்கும். இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை, நடுவில் இருப்பது இடைப்பட்ட நிறங்களுக்கானது. நமக்கு வேண்டியது நடுவில் இருப்பது மட்டுமே. அதன் எண் முதலில் 1-இல் இருக்கும். இடது பக்கம் தள்ளினால் எண் கூடும், முகம் வெளுக்கும். கறுப்பும் வெள்ளையும் இருந்த இடத்திலேயே இருக்கும், அதனால் கண்மணியின் கறுப்பு சாம்பலாகாது.

எவ்வளவு தள்ளுவது? பச்சையைப் பாருங்கள். ஒரு நிறத்தின் வெளிச்சத்தைக் கண் உணர்வதில் பெரும்பங்கு பச்சைக்குத்தான், அதனால் வெளிச்சத்தை அளக்க அதை வைத்துக்கொள்வது வசதி. பச்சை 124-இலிருந்து 150 ஆகும் வரை நடுக் கைப்பிடியைத் தள்ள வேண்டும். இந்தக் கணக்கில் அது ஏறத்தாழ 1.36-இல் வரும். இப்போது நெற்றியை மறுபடி அளந்தால் சிவப்பு 194, பச்சை 150, நீலம் 98 போல இருக்கும். சிவப்பு கிட்டத்தட்ட தானாகவே வந்துவிட்டது. நீலம் மட்டும் இன்னும் 24 குறைவு. கணக்கு உங்களுக்கு வேண்டாம் என்றால் கைப்பிடியைத் தள்ளித் தள்ளி அளந்தாலே போதும், இரண்டு மூன்று முறையில் வந்துவிடும்.

கண்ணால் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது, அதை விடாதீர்கள். எல்லா லேயருக்கும் மேலே, Black & White என்ற அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்றைப் போடுங்கள். இதை மட்டும் கிளிப் செய்யக் கூடாது, படம் முழுவதும் கறுப்பு வெள்ளையாக வேண்டும். நிறம் போன பிறகு பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசம்தான் மிஞ்சும். அப்போதும் முகம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் வெளிச்சம் இன்னும் சேரவில்லை என்று பொருள். நிறத்தோடு பார்க்கும்போது இது தெரியாது, மஞ்சள்தான் கண்ணை இழுக்கும். பார்த்து முடித்ததும் இந்த லேயரை அணைத்துவிடுங்கள். அணைக்காமல் Eyedropper வைத்தால் அது கறுப்பு வெள்ளை எண்ணைத்தான் காட்டும், மூன்றும் ஒன்றாக இருக்கும். எண் மூன்றும் சமமாக வந்தால் எதை மறந்தீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது நிறம். 'வெளிச்சம்' லேயருக்கு மேலே இன்னொரு Levels, அதுவும் கிளிப் செய்தது, பெயர் 'நிறம்'. அதே லேயரிலேயே செய்யலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் தனித்தனியாக வைத்தால் எது எதைக் கெடுத்தது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க முடியும். புதிதாகப் பழகுகிறவருக்கு அந்த வசதி பெரியது. இந்த Levels-இல் மேலே RGB என்று இருக்கும் பட்டியலைத் திறந்து நீலத்தை எடுங்கள். அதன் நடுக் கைப்பிடியை இடதுபக்கம், ஏறத்தாழ 1.29 வரை தள்ளினால் நீலம் 98-இலிருந்து 122-க்கு வரும். பிறகு சிவப்பை எடுத்து 1.08 வைத்தால் 194 என்பது 198 ஆகும். பச்சையைத் தொட வேண்டாம், அது ஏற்கெனவே சரி. உங்கள் படத்தில் பச்சை விளக்கின் சாயல் இருந்தால் இந்த இடத்தில் பச்சையை 1-க்குக் கீழே இறக்க வேண்டிவரும். அதனால் முகம் கொஞ்சம் இருளும், அப்போது 'வெளிச்சம்' லேயரைத் திறந்து கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

Color Balance என்ற கருவியும் இதே வேலையைச் செய்யும். அதில் மஞ்சளிலிருந்து நீலத்துக்குத் தள்ளுவது எளிது, பலருக்கு அதுதான் பிடிக்கும். எண்ணை அளந்து அதே எண்ணுக்குக் கொண்டுவர Levels வசதி என்பது என் பழக்கம், அவ்வளவே. இதில் சரி, தவறு இல்லை.

நெற்றி சேர்ந்துவிட்டது என்றால் முகம் முழுவதும் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டாவதாக நிழலை அளக்க வேண்டும். தாடைக்குச் சற்று மேலே, வெளிச்சம் குறைவாக விழும் கன்னப் பகுதி நல்ல இடம். நம் கணக்கில் கீழே உள்ள முகத்தில் அந்த இடம் 150, 108, 86 என்று வைத்துக்கொள்வோம். ஒட்டிய முகத்தில் அது முதலில் 92, 58, 28 ஆக இருந்தது. இரண்டு Levels-உம் சேர்ந்து அதை ஏறத்தாழ 127, 86, 72 ஆக்கியிருக்கும். நிறம் பரவாயில்லை, ஆனால் நிழல் இன்னும் இருட்டாக இருக்கிறது. இது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஃப்ளாஷ் நேர் எதிரிலிருந்து அடித்து நிழலை நிரப்பிவிடும், ஹாலஜன் ஒரு பக்கத்திலிருந்து வந்து நிழலை ஆழமாக்கும். இதற்கு Curves என்ற அட்ஜஸ்ட்மென்ட் லேயரை, கிளிப் செய்து, 'வெளிச்சம்' லேயருக்கு நேர் மேலே வையுங்கள். கோட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு புள்ளி வைத்து மெதுவாக மேலே இழுங்கள். கோடு மேல்பகுதியிலும் சேர்ந்து உயர்ந்தால் நெற்றியின் எண் மாறிவிடும். அதனால் முதலில் மேல்பகுதியில் ஒரு புள்ளியை வைத்து அதை நகராமல் நிறுத்திவிட்டு, கீழ்ப் புள்ளியைத் தூக்குங்கள். இங்கே எண் அச்சாகச் சேர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பாதி தூரம் வந்தாலே கண் ஏற்றுக்கொள்ளும், முழுவதும் தூக்கினால் முகம் தட்டையாகி மாவு பூசியது போலத் தெரியும்.

நிழலில் ஒரு எல்லையும் உண்டு. அங்கே நீலம் 28 மட்டுமே பதிவாகியிருந்தது, அதை 72 வரை தூக்கியிருக்கிறோம். ஜேபெக் படத்தில் இருண்ட நீலத்தில் உண்மையான விவரம் மிகக் குறைவு, புள்ளிப் புள்ளியான இரைச்சல்தான் அதிகம். தூக்கும்போது அதுவும் கூடவே ஏறும். 100 சதவீத அளவில் பார்த்தால் தாடைக்கருகே நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். தெரிந்தால் 'நிறம்' லேயரில் நீலத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, சற்று மஞ்சள் மிஞ்சினாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுங்கள். லேசான மஞ்சளை யாரும் கவனிக்க மாட்டார்கள், ஊதாத் திட்டு உடனே கண்ணில் படும். போட்டோக்காரரிடம் ரா கோப்பு, அதாவது ஜேபெக் ஆக்கும் முன் கேமரா பதிவு செய்த மூலக் கோப்பு, இருந்தால் நிலைமையே வேறு. அவரே ஒயிட் பேலன்ஸை மாற்றிக் கொடுத்துவிடுவார், உங்கள் வேலையில் பெரும்பங்கு குறைந்துவிடும். கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

மேல் பக்கத்திலும் ஒரு எல்லை இருக்கிறது. ஹாலஜன் விளக்கு மூக்கு நுனியிலும் கன்ன மேட்டிலும் விழும்போது சிவப்பு 255-ஐத் தொட்டுவிடும். அந்த இடத்தில் சிவப்பின் உண்மையான அளவு என்ன என்பது கேமராவிலேயே தொலைந்துவிட்டது. எந்த அட்ஜஸ்ட்மென்ட் லேயரும் அதைத் திருப்பித் தராது. அளந்து பார்த்து, பெரிய பரப்பில் 255 வந்தால் அந்த முகத்தை விட்டுவிட்டு வேறு படம் தேடுவது நல்லது. சின்ன மினுமினுப்பு என்றால் பொருட்படுத்த வேண்டாம்.

Hue/Saturation-க்கு இப்போதுதான் வேலை. எல்லாவற்றுக்கும் மேலே, கிளிப் செய்து போடுங்கள். Hue-ஐத் தொடாதீர்கள். நிழலைத் தூக்கிய இடத்தில் நிறம் அதிகமாகிப்போனது போல இருந்தால் Saturation மட்டும் -5 அல்லது -10. அதற்கு மேல் தேவைப்பட்டால் முந்தைய லேயர்களில் ஏதோ தவறு, அங்கே திரும்பிப் போக வேண்டும். நிறத்தைச் சோதிக்கவும் இதே கருவி உதவும். எல்லாவற்றுக்கும் மேலே, கிளிப் செய்யாமல், இன்னொரு Hue/Saturation போட்டு Saturation-ஐ +60 ஆக்கிப் பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடாத சாயல் வித்தியாசம் எல்லாம் அப்போது பளிச்சென்று தெரியும். முகம் ஆரஞ்சாகவும் கழுத்து ரோஜாவாகவும் தெரிந்தால் இன்னும் நீலம் வேண்டும். பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு இடங்களைத் தனியாகப் பார்க்கச் சொல்வேன். ஒன்று, கண் வெள்ளை. கீழே இருந்த முகத்தில் கண் மூடியிருந்ததால் இதற்கு அளவுகோல் இல்லை. அதே படத்தில் பக்கத்தில் நிற்பவர்களின் கண் வெள்ளையோடு ஒப்பிடுங்கள். தோல் சரியாகி, கண் மட்டும் மஞ்சளாக நின்றால் பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லாதது போலத் தெரியும். அப்போது இன்னொரு Levels போட்டு கிளிப் செய்து நீலத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அந்த லேயரின் மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து Ctrl+I அழுத்தினால் அது கறுப்பாகி, திருத்தம் மறைந்துவிடும். பிறகு சின்ன வெள்ளைப் பிரஷ்ஷால் கண் வெள்ளையில் மட்டும் தொட்டால் திருத்தம் அங்கே மட்டும் வேலை செய்யும்.

இரண்டு, தாடையின் அடிப்பகுதி. பட்டுப்புடவையின் நிறம் தாடையில் பிரதிபலிக்கும், அரக்குப் புடவை என்றால் நன்றாகவே தெரியும். நீங்கள் ஒரே மேடைப் படங்களை எடுத்திருப்பதால் தப்பித்தீர்கள். முகூர்த்தப் படத்தில் ரிசப்ஷன் முகத்தை ஒட்ட வேண்டிய நிலை வந்தால், இடையில் புடவை மாறியிருக்கும். நெற்றி சரியாகச் சேர்ந்து, தாடை மட்டும் வேறு நிறத்தில் நிற்கும். அப்போதும் இதே மாஸ்க் வழிதான்.

மாஸ்க் பற்றிச் சொல்லும்போது, எல்லாரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. முக லேயருக்கு ஒரு மாஸ்க், ஒவ்வொரு அட்ஜஸ்ட்மென்ட் லேயருக்கும் தனித்தனியாக ஒரு மாஸ்க் என்று பட்டியல் முழுக்க மாஸ்க்காக இருக்கும். ஓரத்தை மறைக்க நினைத்துக் கறுப்பால் தீட்டும்போது ஓரம் மறையாமல், அந்த இடம் மட்டும் பழைய மஞ்சளுக்குத் திரும்பினால், நீங்கள் அட்ஜஸ்ட்மென்ட் லேயரின் மாஸ்க்கில் தீட்டிக்கொண்டிருக்கிறீர்கள். Ctrl+Z கொடுத்துவிட்டு முக லேயரின் மாஸ்க்கைச் சொடுக்கி மறுபடி தீட்டுங்கள். ஓரத்துக்கு முக லேயரின் மாஸ்க் ஒன்று மட்டும் போதும். கிளிப் செய்த லேயர்கள் எல்லாம் அந்த ஓரத்தைத் தாமாகவே பின்பற்றும், ஒவ்வொன்றுக்கும் தனியாக வெட்ட வேண்டியதில்லை.

இவை எதுவும் சரிசெய்ய முடியாத ஒன்று, வெளிச்சம் வரும் திசை. நல்ல படத்தில் மூக்கின் நிழல் வலது பக்கம் விழுந்து, ஒட்டிய முகத்தில் இடது பக்கம் விழுந்தால், எண்கள் எல்லாம் சேர்ந்தாலும் பார்ப்பவருக்கு 'ஏதோ இடிக்கிறதே' என்று இருக்கும். Curves லேயரின் மாஸ்க்கில் ஒரு பக்கம் மட்டும் தீட்டி ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் மூக்கு நிழலை இடம் மாற்ற முடியாது. முகம் திரும்பியிருக்கும் கோணமும் அப்படித்தான். அதனால் படத்தைத் தேர்வு செய்யும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், மூக்கு நிழலையும் முகக் கோணத்தையும் பாருங்கள். கோணமும் நிழலும் ஒத்துப்போகிற மஞ்சள் முகம், நிறம் ஒத்துப்போய் வேறு பக்கம் திரும்பிய முகத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

வேலை செய்யும் திரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் லேப்டாப்பின் நைட் லைட் எரிந்துகொண்டிருந்தால் திரையே மஞ்சளாக இருக்கும், கண்ணால் செய்யும் சோதனைகள் எல்லாம் கெடும். அளந்த எண்கள் அதனால் மாறாது, எண்ணை எழுதி வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தால், ஆல்பம் தாளில் படம் திரையில் தெரிவதைவிடக் கொஞ்சம் இருட்டாகத்தான் வரும். அது முகத்துக்கும் மற்ற இடத்துக்கும் சேர்ந்தே நடக்கும் என்பதால் ஒட்டு தெரியாது. ஆனால் நிழலில் நீலத்தை அதிகம் தூக்கியிருந்தால் அச்சிலும் திட்டு தெரிய வாய்ப்புண்டு. பெரிய பிரின்ட் போடும் முன் அந்த ஒரு படத்தை மட்டும் சின்ன அளவில் போட்டுப் பாருங்கள்.

ஃபோட்டோபீ உங்கள் கணினியில் இருந்து திறந்த படத்தை எங்கும் அனுப்பாமல் பிரவுசருக்குள்ளேயே வேலை செய்கிறது. குடும்பப் படத்துக்கு அது நிம்மதி. மறுபக்கம், சேமிக்காமல் டேபை மூடினால் வேலை போய்விடும். File மெனுவில் Save as PSD கொடுத்து உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். லேயர், மாஸ்க், கிளிப், எண்கள் எல்லாம் அப்படியே அதில் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பவும் அச்சுக்குக் கொடுக்கவும் Export as வழியாக JPG தனியாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு அளவுகளையும் எழுதியபின் நெற்றி எண்களை இங்கே போட்டால், Levels-இல் எவ்வளவு வைக்கலாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.